ஷை வீட்டில் புகுந்த வெள்ளம்

ஊர் ஊராகப் போய் ஆட்கள் வாங்கி வரும் சர்வே பதில்களைப் படித்துச் சரிபார்ப்பது என் வேலை. பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஆம், இல்லை, ஒன்று, இரண்டு என்று கட்டம் போட்ட கேள்விகளைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். "உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வி கடைசியில் இருக்கும். அதற்கு வரும் பதில்கள் என் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றையும் படித்து, அவர் சொன்னது தண்ணீர்ப் பிரச்சினையா, கரண்டா, சாப்பாடா, வீடா என்று பிரித்து எண் போட வேண்டும். பெரிய அறிவு ஒன்றும் வேண்டாம். பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. ஆனாலும் வேலையை ஒழுங்காகச் செய்வேன்.

எங்கள் ஆபீஸ் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்களின் சத்தம் வரும். மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சிறியவர். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவாகப் பிடித்தம் இல்லை.

அந்தத் தடவை வந்தது மழை வெள்ளம் பற்றிய சர்வே. கேட்டவர்கள் சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனம். "வெள்ளத்தின்போது உங்களுக்கு ஏற்பட்ட மிகப் பெரிய சிரமம் எது?" என்பது கடைசிக் கேள்வி. இரண்டு வழியில் பதில் வாங்கினோம். கடலூரிலும் சிதம்பரத்திலும் பெண்கள் டேப்லெட் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். இன்னொரு பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினோம். லிங்க்கில் பதில் போட்டவர்களுக்கு மொபைல் ரீசார்ஜ் உண்டு என்று சென்னைக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். வேண்டாம் என்று நான் சொன்னேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

லிங்க் திறந்த மூன்றாம் நாள் பதில்கள் கொட்ட ஆரம்பித்தன. படித்தால் ஒரு தப்பும் இல்லை. ஒற்று கூட விடாமல் எழுதியிருந்தார்கள். அதுதான் எனக்கு முதலில் எரிச்சலைக் கிளப்பியது. எங்கள் ஊர் ஆட்கள் ஒற்று போடுவார்களா? "இந்த வெள்ளம் எங்கள் வாழ்வாதாரத்தைப் பெரிதும் பாதித்தது. மேலும், அன்றாட வாழ்க்கை முடங்கியது. ஒட்டுமொத்தமாக, இது ஒரு சவாலான அனுபவமாக இருந்தது." இதை ஒருவர் எழுதினால் சரி. முப்பது பேர் எழுதியிருந்தார்கள். வாழ்வாதாரம் வந்தால் அடுத்து மேலும் வரும், கடைசியில் ஒட்டுமொத்தமாக வரும். எந்தத் தெரு, எந்தப் பொருள், எந்தச் சொந்தக்காரர் என்று ஒன்றும் இருக்காது.

ஒரு பதில் இப்படித் தொடங்கியது: "நிச்சயமாக! வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட ஒருவரின் பார்வையில் எழுதப்பட்ட பதில் இதோ." கேட்டதை எழுதித் தரும் ஏஐ மெஷின் சொன்னதை முதல் வரியோடு அப்படியே ஒட்டியிருந்தார் அந்தப் புண்ணியவான். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சந்தேகம் வேறு, ஆதாரம் வேறு என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தேன். கேள்வி திறந்த நேரம், பதில் அனுப்பிய நேரம் இரண்டும் பதிவாகும். எழுத்து எழுத்தாக அடித்தார்களா, மொத்தமாக ஒட்டினார்களா என்பதும் பதிவாகும். ஐந்து வரிப் பதில் ஒன்பது நொடியில், ஒரே ஒட்டில் வந்திருந்தது. முன்னால் ஒரு கேள்வியில் "வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை" என்று தட்டிவிட்டுக் கடைசியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றதாக எழுதியிருந்தார்கள். ஒரே மாடல் போனிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பதினோரு பேர் பதில் அனுப்பியிருந்தார்கள். கொடுத்திருந்த நம்பர்களுக்கு அழைத்தேன். பாதி நம்பர் உபயோகத்தில் இல்லை. எடுத்த ஒருவர், "ரீசார்ஜ் இன்னும் வரலியே" என்றார். வெள்ளம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எந்த வெள்ளம்?" என்றார்.

இத்தனையும் சேர்ந்தால்தான் போலி என்று நான் சிவப்பு போடுவேன். ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் போடமாட்டேன். இது என் சட்டம். நானே வைத்தது.

சென்னைக்காரர்கள் ஒரு வெப்சைட்டும் கொடுத்திருந்தார்கள். பதிலைப் போட்டால் எழுதியது மனிதனா மெஷினா என்று அது சொல்லுமாம். முதல் நாளே அதைச் சோதித்தேன். இந்த மாதிரி மெஷின்கள் வருவதற்கு ரொம்ப முன்னால், எங்கள் பங்குக் கோயில் திருவிழாவுக்கு நான் கைப்பட எழுதிக்கொடுத்த அறிவிப்பு ஒன்று வீட்டில் இருந்தது. அதை அடித்துப் போட்டேன். பெரும்பாலும் மெஷின் எழுதியது என்று வந்தது. தமிழ் அதற்குச் சரியாகத் தெரியாது, ஒழுங்காக எழுதினாலே மெஷின் என்று சொல்லிவிடுகிறது என்று புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டு என்ன? இரண்டே வாரத்தில் மறந்துவிட்டேன்.

சிதம்பரம் டேப்லெட் பதில்களை நான் கடைசியாகத்தான் எடுத்தேன். ஏழு நாள் மெஷின் தமிழ் படித்துப் படித்துக் கண் கெட்டுப்போயிருந்தது. எல்லாமே மெஷினாகத் தெரிகிற நிலைமை. வெள்ளிக்கிழமை போலிப் பதில்களின் லிஸ்ட் சென்னைக்குப் போக வேண்டும். மேனேஜர் தினமும் நாலு தடவை வந்து நின்றார்.

சிதம்பரத்தில் நாலு பெண்கள் வேலை செய்தார்கள். மூன்று பேருடைய பதில்கள் எப்போதும்போல் இருந்தன. "தண்ணி வந்துடுச்சு, கரண்ட் இல்ல, சாப்பாடு லேட்டு" என்ற மாதிரி. நாலாவது பெண்ணின் நாற்பத்தொரு பதில்களும் வேறு ரகம்.

"மழை வெள்ளத்தால் எனது குடியிருப்புப் பகுதி முழுவதும் நீரால் சூழப்பட்டு, நானும் எனது குடும்பத்தாரும் சொல்லொணாத் துயரத்திற்கு ஆளானோம். வீட்டு உபயோகப் பொருட்கள் யாவும் சேதமடைந்தன. அடிப்படை வசதிகளின்றிப் பெரிதும் அவதிக்குள்ளானோம்."

நாற்பத்தொன்றும் இதே வார்ப்பு. ஒன்றில் குழந்தைகள், ஒன்றில் முதியோர், ஒன்றில் கால்நடை. மற்றபடி அதே சொல்லொணா, அதே அவதி. நேரத்தைப் பார்த்தேன். பதில் பெட்டியில் எல்லாம் ஒரே ஒட்டில் விழுந்திருந்தது. அதுவும் சாயந்திரம் ஆறு மணிக்குமேல், வரிசையாக. வெப்சைட்டில் போட்டேன். மெஷின் என்றது. ஒரு பதிலில் "ஷை வீட்டில் வெள்ளம் புகுந்து" என்று இருந்தது. ஷை என்றால் என்ன? அப்படி ஒரு தமிழ் வார்த்தையை நான் பார்த்ததே இல்லை. மெஷின் சில சமயம் இப்படி உளறும், அதுதான் என்று முடிவு செய்தேன். எனக்கு அதுதான் கடைசி ஆணி. நாற்பத்தொன்றுக்கும் சிவப்பு போட்டேன். போனில் கூப்பிட்டுச் சரிபார்க்கவில்லை. டேப்லெட் பதில்களில் சிலவற்றுக்கு ஆடியோ இருக்கும், அதையும் கேட்கவில்லை. என் சட்டத்தை நானே மீறினேன்.

லிஸ்ட் சென்னைக்குப் போனது. போலிப் பதில் கொடுத்த கள ஆட்கள் என்ற தலைப்பில் ஒரே ஒரு பெயர். அந்த லிஸ்டில் பெயர் ஏறினால் அந்த நிறுவனம் நடத்தும் எந்த சர்வேயிலும் அந்த ஆளை எடுக்கமாட்டார்கள். அவர்கள் கொடுக்கும் வேலைதான் எங்கள் ஜில்லாவில் பாதி. மேனேஜர் அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு போன் போட்டு, "ஏம்மா, மெஷின்ல எழுதி ஏமாத்துனா எங்களுக்குத் தெரியாதா? இனிமே வராத" என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சரியாகத்தான் சொன்னார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை நான் பூட்டைத் திறக்கும்போது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வயது இருக்கும். சர்வே தொடங்குமுன் கள ஆட்களுக்கு நான் கொடுத்த பயிற்சி அன்று பின்வரிசையில் பார்த்த முகம். கையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு.

"லிஸ்டு போட்டது நீங்கதானா மேடம்?"

"நான்தான்."

"நான் வீட்டுக்குப் போகாமயே எழுதிட்டேன்னு சொல்றீங்களா?"

"வீட்டுக்குப் போன. அது ஜிபிஎஸ்ல இருக்கு. கடைசிக் கேள்விய கேக்காம, போன்ல மெஷின்கிட்ட கேட்டு ஒட்டிட்ட. அதான் சொல்றேன்."

"எந்த மெஷின்? எங்கிட்ட இருக்கறது பட்டன் போனு." எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நேத்து உங்க சார் போன் பண்ணப்ப கடையில இருந்தேன். ரெண்டு கையும் கீபோர்டுல, அதனால ஸ்பீக்கர்ல போட்டேன். கடைக்காரரு, மனு எழுத வந்தவங்க ஏழெட்டுப் பேரு, எல்லாரும் கேட்டாங்க. ஏமாத்துனன்னு. நான் வேலைக்காக வரல மேடம். இத கேக்கத்தான் வந்தேன்."

"என்ன கடை?"

"டைப்பிங் கடை. தாலுகா ஆபீஸ் பக்கத்துல. பதினோரு வருசமா மனு அடிக்கிறேன். பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் பென்சன், எல்லா மனுவும்."

எனக்கு ஏதோ இடித்தது. ஆனாலும் விடவில்லை. "அப்போ ஏன் ஒட்டுன? எழுத்தா அடிச்சிருந்தா தெரியும். எல்லாம் மொத்தமா விழுந்திருக்கு."

"உங்க டேப்லெட்டுல இங்கிலீஷ் எழுத்த தட்டுனா தமிழ் வருது. அம்மான்னு அடிக்க ஏ எம் எம் ஏ ஏன்னு தட்டணும். எனக்கு டைப்ரைட்டிங் கீபோர்டுதான் பழக்கம். அதுல கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன். இதுல ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆவுது, வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிடறாங்க. அதான் அவுங்க சொல்றத நோட்டுல குறிச்சுக்குவேன். சாயந்தரம் கடை கம்ப்யூட்டர்ல அடிச்சு, டேப்லெட்டுக்கு மெயில் போட்டு, அங்க ஒட்டிடுவேன். தப்பா?"

"தப்புதான். அங்கயே எழுதணும்."

"அத சொல்லுங்க. அடிச்சது தப்புன்னு சொல்லுங்க. ஏமாத்துனன்னு சொல்லாதீங்க."

நோட்டைத் திறந்து காட்டினாள். வீட்டு நம்பர், பெயர், தேதி, கீழே பென்சிலில் ரெண்டு மூன்று வார்த்தை. "பூனை, அரிசி டப்பா." "மாமியார் கட்டில்." "பொம்பள கக்கூஸ்." அவ்வளவுதான். நான் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இந்த வீட்டுக்கு ஷைன்னு அடிச்சிருக்கியே, அது என்ன?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மேற்படின்னு அர்த்தம் மேடம். பத்திரத்துல, மனுவுல எல்லாம் போடுவாங்க. வீட்டு விலாசத்த திரும்பத் திரும்ப எழுதாம ஷை வீடுன்னு போடுவோம். கை பழக்கத்துல வந்துடுச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் வீடு வாங்கியதும் இல்லை, பத்திரம் படித்ததும் இல்லை. எனக்குத் தெரியாத வார்த்தை என்பதால் அது மெஷின் வார்த்தை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறேன். எனக்கு என்மேலேயே வந்த கோபத்தில் அவளிடம், "உக்காரு, ஏன் நிக்கிற" என்று கத்தினேன்.

கம்ப்யூட்டரைப் போட்டு அவளுடைய ஆடியோக்களை இறக்கினேன். எல்லா நேர்காணலும் பதிவாகாது. பதில் சொல்பவர் சம்மதித்தால், செயலி தானாகச் சிலவற்றை மட்டும் எடுத்துப் பதிவு செய்யும். அவளுடைய நாற்பத்தொன்றில் பதினேழுக்கு ஆடியோ இருந்தது. முதலாவதைப் போட்டேன். இவள் குரல் கேள்வியைக் கேட்டது. ஒரு வயதான பெண் பதில் சொன்னார்.

"என்னாத்த சொல்றது? அரிசி டப்பா மெதந்து போவுது. அதும்மேல எங்கூட்டுப் பூன ஒக்காந்துகினு போவுது. நான் பூனைய புடிக்கறதா டப்பாவ புடிக்கறதா? ரெண்டும் போச்சு. மறுநா பூன வந்துடுச்சு, அரிசி வர்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். அதற்கு இவள் எழுதியிருந்தது: "உணவு தானியங்கள் முற்றிலும் நீரில் அடித்துச் செல்லப்பட்டு உணவின்றித் தவித்தோம்."

"பூன எங்க?" என்று கேட்டேன்.

"மனுவுல பூனையெல்லாம் போடமாட்டாங்க மேடம்."

"இது மனு இல்ல. யாரு உன்ன மனு எழுதச் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. பயிற்சி அன்னிக்கு. போன தடவ கொச்சையா எழுதிக் குடுத்துட்டாங்க, படிக்க முடியல, இந்தத் தடவ நல்ல தமிழ்ல எழுதுங்கன்னு சொன்னீங்க. நான் குறிச்சு வெச்சிருக்கேன்." நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். "நல்ல தமிழ்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

சொல்லியிருக்கிறேன். முந்தின சர்வேயில் எழுத்துப்பிழையோடு மல்லுக்கட்டிய கடுப்பில் சொன்னது. மற்ற மூன்று பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவள் ஒருத்திதான் நான் சொன்னதைக் கேட்டாள். அதற்கு நான் கொடுத்த பரிசு போலி என்ற பட்டம்.

பதினேழையும் கேட்டோம். பதினேழும் நிஜம். நாற்பத்தொரு பதிலும் ஒன்றுபோல் இருந்ததற்குக் காரணம் ஒரே கை எழுதியதுதான். பதினாறு வருட அனுபவத்தில் எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டியது அது. ஒரு ஆள் வாங்கி வந்த பதில்கள் மட்டும் ஒன்றுபோல் இருக்கின்றன என்றால் முதலில் அந்த ஆளின் பழக்கத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு மெஷின் காலம் வரவேண்டியதில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னேன். லிஸ்டிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லி மெயில் போட வேண்டும் என்றேன்.

"மேடம், அனுப்பி மூணு நாளாச்சு. இப்போ ஒரு பேர எடுத்தா மீதி எல்லாமும் சந்தேகம்னு சொல்லுவாங்க. லிங்க்ல அத்தன பதிலு ஃபேக்னு நாமதான சொன்னோம்?"

"அதெல்லாம் நாலு விதமா பாத்து சொன்னது. இத படிச்சதும் சொன்னது. ரெண்டும் ஒண்ணா?"

"படிச்சாலே தெரியுது மேடம். எனக்கும் தெரியும். நானும் ரெண்டு வாரமா பாக்கறேன்ல."

"அப்படியா? அப்போ லிங்க்ல நான் இன்னும் முடிவு பண்ணாதது அறுபது இருக்கு. படிச்சுப் பாத்து, இது கண்டிப்பா ஃபேக்னு ஒண்ணு எடுங்க. போன் போடுவோம்."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. உட்கார்ந்து ஸ்க்ரோல் செய்தார். கால் மணி நேரத்தில் ஒன்றை எடுத்தார். பரங்கிப்பேட்டை என்று ஊர் போட்டிருந்தது. பதில் இது: "படகுல வந்தாய்ங்க, போட்டா புடிச்சாய்ங்க, போய்ட்டாய்ங்க. சாப்பாடு யாரும் தரல."

"பாருங்க. பரங்கிப்பேட்டைல யாரு மேடம் வந்தாய்ங்கன்னு சொல்லுவா? நாம வந்தாங்கன்னுதான சொல்லுவோம். கிராமத்து பாஷைல எழுதிக் குடுன்னு மெஷின்கிட்ட கேட்டிருக்கான். அது மதுரைப் பேச்ச எழுதிடுச்சு. மாட்டிக்கிட்டான்."

நியாயமான சந்தேகம்தான். எனக்கும் அதே தோன்றியது. நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஒரு பெண் எடுத்தார். மேனேஜர் விஷயத்தைச் சொல்லி, "நீங்க பரங்கிப்பேட்டைதானா?" என்று கேட்டார்.

"ஆமா, இங்கனதான் இருக்கேன். ஏன்?"

"இல்ல, உங்க பேச்சு…"

"நான் உசிலம்பட்டிப் பக்கம்யா. கட்டிக் குடுத்து இங்க வந்து ஒம்பது வருசம் ஆச்சு. பேச்சு மாறலைன்னு கேலி பண்றத என் மாமியாரே இப்பத்தான் விட்டாக. நீ எதுக்கு இப்ப கேக்குற? போட்டா புடிச்சுட்டுப் போனாய்ங்களே, அந்தக் கூட்டமா நீயி?"

"இல்லம்மா, இல்ல. சர்வே."

"சர்வேயின்னாலும் சோறு தரமாட்டீக. வைய்யி போன."

நான் சிரிக்கவில்லை. ரொம்பக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன். மேனேஜர் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். பிறகு, "மெயில நீங்களே அடிங்க மேடம். என் பேர்ல போட்டுடலாம்" என்றார்.

"என் பேர்லயே போடுங்க. தப்பு பண்ணது நான்."

மெயிலில் சுற்றி வளைக்கவில்லை. ஆடியோ கேட்காமல் முடிவு செய்தேன், போன் போடவில்லை, தெரியாத ஒரு வார்த்தையை உளறல் என்று நினைத்தேன், நல்ல தமிழில் எழுதச் சொன்னதும் நானே என்று எழுதினேன். பதினேழு ஆடியோவையும் சேர்த்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஆடியோ உள்ள பதினேழை ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் பேசியதை அப்படியே எழுதித் தர வேண்டும் என்றார்கள். ஆடியோ இல்லாத இருபத்து நாலையும் அப்படியே ஏற்க முடியாது, பதில் சொன்னவரின் வார்த்தை அதில் இல்லை, திரும்பப் போய்க் கேட்டு ஆடியோவோடு அனுப்பினால்தான் அந்தப் பெண்ணின் பெயரை எடுப்போம் என்றார்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் கேட்டது சரி. அவள் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த இருபத்து நாலு பேர் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் தெரியாது. "அடிப்படை வசதிகளின்றி" என்று இருந்தால் நான் அதற்கு என்ன எண் போடுவேன்? குடிதண்ணீரா, கரண்டா?

அவளுக்கு போன் செய்தேன். "நானும் வரேன்" என்றேன்.

"எதுக்கு மேடம்? வேவு பாக்கவா?"

"வீடு வீடா ஏறி எறங்குனா எனக்கும் கால் வலிக்கட்டும்னுதான்."

இரண்டு நாள் சுற்றினோம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, ஊருக்கு வெளியே வாய்க்கால் ஓரத் தெருக்களுக்குப் போனோம். சுவரில் இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருந்தது. "அதான் அன்னிக்கே சொன்னமே, திருப்பி என்னா?" என்று மூன்று வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். மற்றவர்கள் சலித்துக்கொண்டே பேசினார்கள். அவள் நோட்டை எடுக்கவில்லை. டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, பழக்கமில்லாத கீபோர்டில் ஒரு விரலால் தட்டினாள். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரமா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

இரண்டாம் நாள் மதியம் போன வீட்டில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். சர்வே என்றதும், "நீ அன்னிக்கு வந்த பொண்ணுதான? டீ குடிக்கிறியா?" என்றார். ஆடியோவுக்குச் சம்மதம் கேட்டு, இவள் கேள்வியைப் படித்தாள்.

"சோறு தண்ணியெல்லாம் ஒண்ணும் இல்ல பொண்ணு. ஸ்கூல்ல தங்க வெச்சாங்க, பொட்டலம் வந்துச்சு. கக்கூஸ்தான். இருந்தது ஒண்ணே ஒண்ணு, அதும் தண்ணி ஏறிப் பொங்கிடுச்சு. ஆம்பளைங்க எங்கியாவுது போயிடுவாங்க. நாங்க எங்க போறது? அஞ்சு நாளு பொழுது சாயற வரைக்கும் அடக்கிகினு இருந்தோம். என் பொண்ணு தண்ணியே குடிக்க மாட்டேன்னுட்டா. அப்புறம் ஒண்ணுக்குப் போனா எரிச்சலு, ஆஸ்பத்திரில காட்டுனோம்."

இவள் முதலில் இந்த வீட்டுக்கு எழுதியிருந்தது என்ன என்று என் தாளில் பார்த்தேன். அடிப்படை வசதிகளின்றிப் பெரிதும் அவதிக்குள்ளானோம்.

அவள் தட்டத் தொடங்கி நிறுத்தினாள். என் பக்கம் திரும்பி மெதுவாக, "மேடம், கக்கூஸ்னு அப்படியே அடிக்கட்டுமா? கழிவறைன்னு போடவா?" என்று கேட்டாள்.

"அவுங்க என்ன சொன்னாங்க?"

"கக்கூஸ்னாங்க."

"அத அடி."

அந்தப் பெண் மீனைக் கழுவி முடிக்கும்வரை அவள் தட்டிக்கொண்டிருந்தாள். அடக்கிகினு என்ற வார்த்தை மூன்று தடவை தப்பாக விழுந்து, நாலாவது தடவை சரியாக வந்தது. பிறகு முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினாள். "ஆமா, அதான் சொன்னேன்" என்றார் அந்தப் பெண்.

அடுத்த வாரம் இருபத்தொரு பதில்களையும் சென்னை ஏற்றுக்கொண்டது. பெயரை லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டதாக மெயில் வந்தது. நான் அவளுக்கு போன் செய்து சொன்னேன்.

"சரிங்க மேடம். ஆனா நீங்க போன்ல சொன்னா எனக்கு மட்டும்தான் தெரியும்."

"என்ன பண்ணணும்?"

"கடைக்கு வந்து சொல்லுங்க. எல்லாரும் இருக்கற நேரமா வாங்க."

மேனேஜரையும் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றார், இழுத்துக்கொண்டு போனேன். திங்கட்கிழமை பதினொரு மணி. கடை நிறைய ஆட்கள், கையில் மனுத்தாள்கள். அவள் யாருக்கோ அடித்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். நான் வாசலில் நின்றபடியே, இந்தப் பொண்ணு ஏமாத்தல, நாங்கதான் சரியா பாக்காம சொல்லிட்டோம், தப்பு எங்களுது என்றேன். என் குரல் எப்போதும் பெரிசு. தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் ஆமாம் என்று தலையாட்டினார். "வாயத் தொறந்து சொல்லுங்க சார்" என்றேன். சொன்னார்.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து, எங்களைப் பார்த்து, "சரி மேடம்" என்றாள். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "ஆச்சா? என் மனுவ முடிம்மா, ஆபீசர் சாப்பாட்டுக்குப் போயிடுவாரு" என்றார். அவள் திரும்பி அடிக்கத் தொடங்கினாள்.